டெங்கு ஸ்லைடுகளுக்கு இரண்டு குரல்

பயிற்சி ஸ்லைடுகளைப் பேச்சு வடிவத்துக்கு மாற்றி எழுதுவது என் வேலை. குரல் கலைஞர் அதை வாசிப்பார், அல்லது மேடையில் நிற்பவர் அதைப் பார்த்துப் பேசுவார். இந்த வேலையில் அடிக்கடி வரும் கோரிக்கை இது: "அதே ஸ்லைடுதான். ஒண்ணு அதிகாரிங்களுக்கு, ஒண்ணு பொதுமக்களுக்கு. முதல்ல எழுத்துத் தமிழ்ல எழுதிடுங்க, அப்புறம் அதையே பேச்சுத் தமிழா மாத்திடலாம்." கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 'வேண்டும்' என்பதை 'வேணும்' ஆக்கி, 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' ஆக்கினால் கிடைப்பது பேச்சு நடை ஆகாது. உடுப்பு மட்டும் மாற்றிய சுற்றறிக்கையாகத்தான் அது ஒலிக்கும்.

ஒரு டெங்கு தடுப்பு ஸ்லைடுத் தொகுப்புக்கு இப்படி இரண்டு வடிவங்கள் எழுதினேன். முதல் வடிவம் சுகாதார ஆய்வாளர்களுக்கான பயிற்சி அரங்குக்கு. இரண்டாவது, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் போட்டுக் காட்டி, பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோவுக்கு. எந்த நடையை எங்கே வைப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறேன் என்று விளக்க அந்தத் தொகுப்பின் இரண்டு ஸ்லைடுகளே போதும்.

முதல் ஸ்லைடின் தலைப்பு 'கொசுப்புழு உற்பத்தித் தடுப்பு'. கீழே மூன்று வரிகள்: நீர்க்கொள்கலன்களை வாரம் ஒருமுறை சுத்தம் செய்தல், மூடி வைத்தல், தேவையற்ற பொருட்களை அகற்றுதல். ஸ்லைடில் எல்லாமே 'தல்' என்றுதான் முடியும். யார் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லாமலே ஒரு வேலையைக் குறிப்பிட்டுவிடலாம் என்பது அந்த வடிவத்தின் வசதி. கண்ணால் படிக்கும்போது இது உறுத்தாது. காதில் கேட்கும்போது வினைமுற்று வராத வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். அதனால் எழுத்து நடையிலும் முதல் வேலை இந்தத் 'தல்'களை உடைத்து முழு வாக்கியமாக்குவதுதான்.

அரங்குக்கு நான் எழுதியது இது:

"ஏடிஸ் கொசு, நீர்க்கொள்கலனின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே நீரை வெளியேற்றுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்."

இது எழுத்துத் தமிழ்தான். ஆனால் வாய்க்காக எழுதிய எழுத்துத் தமிழ். 'நீர்க்கொள்கலன்களின் உட்சுவர்களிலுள்ள முட்டைகளனைத்தையும்' என்று ஒட்டிக்கொண்டே போனால் வாசிப்பவருக்கு மூச்சு எங்கே விடுவது என்று தெரியாது. வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நடை பழகியது. நிமிர்ந்து நிற்கும், ஆனால் வாக்கியம் சிறியதாக இருக்கும். ஆய்வாளர்கள் இதை அப்படியே குறிப்பெடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு அவர்களே களப்பணியாளர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் மாறாமல் செய்தி கைமாற வேண்டிய இடத்தில் நான் தயங்காமல் எழுத்து நடையைத் தேர்ந்தெடுப்பேன்.

அதே ஸ்லைடு குழுப் பெண்களுக்கு இப்படிப் போனது:

"டிரம்ல தண்ணி தீந்ததும் கவுத்து வச்சிட்டா போதும்னு நெனைக்கிறோம். ஆனா கொசு முட்டை வைக்கிறது தண்ணி நிக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் மேல, டிரம்மோட உள்பக்கத்துல. காஞ்சு கெடந்தாலும் அந்த முட்டை மாசக்கணக்கா சாகாது. மறுபடி தண்ணி புடிச்சதும் பொரிஞ்சிடும். அதனால தண்ணி புடிக்கிறதுக்கு முன்னாடி, நாரோ பிரஷ்ஷோ எடுத்து உள்பக்கம் சுத்தித் தேச்சுக் கழுவுங்க."

செய்தி ஒன்றுதான். ஆனால் 'கொள்கலன்' இங்கே டிரம்மாகிவிட்டது. 'வெளியேற்றுவது', கவிழ்த்து வைப்பதாகிவிட்டது. எதனால் தேய்ப்பது, எப்போது தேய்ப்பது என்ற இரண்டும் ஸ்லைடில் இல்லாதவை. பேச்சு நடையில் எழுத உட்கார்ந்ததும் அவற்றைச் சொல்லாமல் வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. எதிரே இருப்பவரைப் பார்த்து 'கழுவுங்க' என்று சொன்னால், அவர் மனதில் எழும் அடுத்த கேள்விக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வரைவை எழுதும்போதே ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாத தெருக்கள், லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருக்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அங்கே டிரம்மில் இருக்கிற தண்ணீரை வாரம் ஒருமுறை யார் கொட்டுவார்கள்? 'வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்' என்று எழுத்து நடையில் சொன்னால் இந்தக் கேள்வி எழாமலே கடந்துவிடும். அரங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'வாராவாரம் தண்ணியைக் கொட்டிட்டுக் கழுவுங்க' என்று ஒரு குடத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தால், அந்த வாக்கியம் நிற்காது.

ஸ்லைடுகளைத் தயாரித்த மருத்துவ அலுவலரிடம் கேட்டேன். "கொட்ட முடியாத தண்ணியை யாரும் கொட்ட வேணாம் சார். கொசு நுழையாத மாதிரி துணி போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தா, புழுவைக் கொல்ற அபேட் மருந்தை ஊத்த விடச் சொல்லுங்க. தண்ணி தீர்ற அன்னைக்குத் தேச்சுக் கழுவட்டும்," என்றார். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் இந்த வாரக் கணக்கு என்றும் விளக்கினார். இந்தப் பதில் பேச்சு வடிவத்துக்குள் போனது. பிறகு அரங்கு வடிவத்துக்கும் போனது: "நீரை வெளியேற்ற இயலாத வீடுகளில், கொள்கலனைத் துணியால் இறுக்கமாக மூடச் செய்வதும் அபேட் மருந்து இடப்படுவதை உறுதி செய்வதும் ஆய்வாளரின் பொறுப்பு." வீடு வீடாகப் போகும் ஆய்வாளருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தேவைப்பட்ட வரி அதுதான்.

இதனால்தான் நான் பேச்சு வடிவத்தை முதலில் எழுதுகிறேன், எழுத்து வடிவம் மட்டும் கேட்கும் இடத்திலும்கூட. மேலேயிருந்து கீழே இறக்கினால் ஸ்லைடின் ஓட்டைகள் அப்படியே இறங்கி வரும். கீழேயிருந்து மேலே ஏற்றினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். 'செய்யப்பட வேண்டும்' என்று எழுதினாலும் யாரால் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அதையும் எழுதிவிடுவேன்.

இரண்டாவது ஸ்லைடு ஆபத்து அறிகுறிகள் பற்றியது. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தக்கசிவு, அளவு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை. இவை பெரும்பாலும் காய்ச்சல் தணியும் கட்டத்தில் தலைகாட்டும். அதைத் தொடர்ந்து வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம். அரங்கு வடிவத்தில் இதைச் சொல்வது சுலபம். வரிசையாகச் சொல்லி, நேரத்தைச் சொல்லி நிறுத்தலாம்.

பேச்சு நடையில் இங்கே வேறொரு சிக்கல். பேச்சு நடை என்றதும் 'பாருங்க', 'சரிங்களா', 'என்ன பண்ணணும்னா' என்று நாக்கு தானாகவே குழையும். டிரம் கழுவும் ஸ்லைடில் அது பரவாயில்லை. கேட்பவரோடு உறவு உண்டாக்கும். உயிர் போகிற விஷயத்தில் அந்தக் குழைவு செய்தியின் கூர்மையை மழுக்கிவிடும். அதற்காக அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றினாலும் சரிவராது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் திடீரென்று எழுந்து அறிக்கை படித்த மாதிரி ஆகிவிடும். பேச்சு நடையை விடாமல், குழைவை மட்டும் எடுத்துவிட்டேன்:

"காய்ச்சல் விட்டுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நெனைச்சு வேலைக்குப் போயிடுறோம். டெங்குல ஆபத்து அப்பதான் ஆரம்பிக்கும். காய்ச்சல் விட்ட அடுத்த ரெண்டு நாள் கூடவே ஆள் இருக்கணும். வயித்துவலி தாங்க முடியலையா, வாந்தி நிக்கலையா, மூக்குலயோ பல் ஈறுலயோ ரத்தம் வருதா, புள்ள எழுந்திரிக்க முடியாம சுருண்டு கெடக்குதா, ஒரு எடத்துல நிலைகொள்ளாம தவிக்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ராத்திரியா இருந்தாலும் போங்க."

'உடனடியாக மருத்துவரை அணுகவும்' என்பது ஸ்லைடின் கடைசி வரி. 'அணுகவும்' என்று எந்த அம்மாவும் இன்னொரு அம்மாவிடம் சொன்னதில்லை. 'ராத்திரியா இருந்தாலும்' என்பது மருத்துவ அலுவலர் படித்துவிட்டுச் சேர்க்கச் சொன்னது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து வருகிறவர்கள்தான் அதிகம் என்றார்.

மருந்துப் பெயர்களிலும் இதே மாதிரி. அரங்கில் 'ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் தவிர்க்கப்பட வேண்டும்' என்றால் போதும். ரத்தக்கசிவை அவை கூட்டக்கூடும் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் ஐபுபுரூஃபன் என்று கேட்டு வாங்குவதில்லையே. "மருந்துக்கடையில உடம்புவலி மாத்திரைன்னு கேட்டு வாங்கிப் போடாதீங்க. டாக்டர் சொன்னதை மட்டும் குடுங்க" என்று எழுதினேன். பெயர்களைத் திரையில் எழுத்தாகக் காட்டினோம்.

யாருடைய பேச்சுத் தமிழ் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த வீடியோ கோவைப் பக்கமும் போகும், நெல்லைப் பக்கமும் போகும். வினைச்சொற்களில் எல்லா ஊருக்கும் பொதுவான வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: 'போங்க', 'வேணும்', 'இருக்கு'. ஊருக்கு ஊர் மாறும் பெயர்ச்சொற்கள்தான் தகராறு செய்யும். கொட்டாங்குச்சி என்றால் தெற்கே சிரட்டை. அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் "இதுல தேங்குற மழைத்தண்ணி கூடப் போதும்" என்று எழுதிவிட்டு, திரையில் அதன் படத்தை வைக்கச் சொன்னேன். ஸ்லைடு இருப்பதன் பயன் இதுதான். பெயர் சொல்ல வேண்டிய வேலையைப் படம் பார்த்துக்கொள்ளும். குரல் மட்டும் போகும் ஆட்டோ அறிவிப்பாக இருந்தால் இரண்டு பெயரையும் சொல்லியாக வேண்டும்.

குரல் கலைஞருக்குக் கொடுக்கும் பிரதியில் எவ்வளவு தூரம் பேச்சொலியை எழுத்தில் கொண்டுவருவது என்பதும் பழகித் தெரிந்துகொள்ள வேண்டியது. எல்லாச் சொற்களையும் காதில் விழுகிறபடி எழுதினால் அவர் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிப்பார். பேச்சு மாதிரியே இருக்காது. மேலே காட்டிய பேச்சு வரிகள் காதில் விழும் வடிவம்; பிரதியில் வினைச்சொற்களின் முடிவுகளை மட்டும் பேச்சு வடிவில் எழுதி, பெயர்ச்சொற்களை வழக்கமான எழுத்திலேயே விட்டுவிடுகிறேன். 'தண்ணீர் பிடிக்கிறதுக்கு முன்னாடி' என்று எழுதினால் அவர் வாயில் தானாகவே 'தண்ணி' என்று வரும். பதிவில் எங்கே தட்டுகிறது என்று பார்க்க வாக்கியங்களின் முதலையும் முடிவையும் மட்டும் கேட்பேன். 'நீங்க' என்று தொடங்கி 'வேண்டும்' என்று முடிகிற வாக்கியம் ஒன்று இருந்தால், அதைச் சுற்றி இன்னும் சில இருக்கும்.

கடைசியாக நேரம். பேச்சு வடிவம் எப்போதும் நீளும். அரங்கு வடிவத்தில் அரை நிமிடத்தில் முடிந்த டிரம் ஸ்லைடு, துணி கட்டுவதும் அபேட் மருந்தும் சேர்ந்த பிறகு ஒரு நிமிடத்தைத் தாண்டியது. ஒரே படம் அவ்வளவு நேரம் திரையில் நின்றால் பார்ப்பவர் ஃபோனை வைத்துவிடுவார். பேச்சைச் சுருக்குங்கள் என்றார்கள். நான் ஸ்லைடைப் பிரிக்கச் சொன்னேன். உள்சுவரில் முட்டை இருக்கும் கோடு ஒரு படம், தேய்க்கும் கை ஒரு படம், துணி கட்டிய டிரம் ஒரு படம். அரங்கு வடிவத்துக்குப் பழைய ஒற்றை ஸ்லைடே போதுமாக இருந்தது. அதில் அபேட் வரியை மட்டும் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.