கொப்பியில் பதினொன்று இருந்தது

மஸ்கட்டிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பி வந்தபோது கையில் நாலரை இலட்சம் ரூபா. ஒரு பழைய கொப்பியில் தொழில் யோசனைகள் பதினொன்று: உப்புவெளியில் அறை வாடகை, ஸ்கூட்டர் வாடகை, புறாத் தீவுப் படகுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது, கைவினைப் பொருள் கடை, கருவாடு, சட்டித் தயிர், ஊறுகாய், மிளகாய்த்தூள், மதியச் சாப்பாட்டுப் பார்சல், இடியப்பம், தையல். வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. அதனால் இவற்றில் ஏதாவதொன்றை ஏற்கெனவே செய்கிற மூன்று பேரிடம் போனேன்.

முதலில் உப்புவெளியில் நாலு அறை வைத்திருக்கும் ஒரு அக்கா. தை மாதம், மழை விடாத நேரம், அறை எல்லாம் காலி. அவருக்குப் பேச நேரமிருந்ததே அதனால்தான். "லாபம் எப்படி அக்கா?" என்று கேட்டேன். "பரவாயில்லை தங்கச்சி" என்று முடித்துவிட்டார். அந்தக் கேள்வியே பிழை என்று அங்கேதான் விளங்கியது. அப்புறம் மாற்றிக் கேட்டேன்: "போன கிழமை எத்தனை இரவு ஆள் தங்கினது?" எழுந்து போய்ப் பதிவுப் புத்தகத்தையே எடுத்து வந்தார். கார்த்திகையிலிருந்து பக்கங்கள் வெறுமை. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை நிறைந்த பக்கங்களிலும், இணையத்தில் பதிந்து வருபவர்களின் காசில் 15 வீதம் தரகுக்குப் போகிறது. மிச்சத்தில் மாரிக்காலத்துக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும், கடற்காற்றில் துருப்பிடித்த ஏசியும் மாற்ற வேண்டும். ஆறு மாதம் வருமானமில்லாமல் இருக்க என் காசு போதாது. அறை மட்டுமில்லை, கடலையும் வெள்ளைக்காரரையும் நம்பியிருந்த நாலும் அன்றைக்கே வெட்டுப்பட்டன.

இரண்டாவது, கருவாட்டு வாடி வைத்திருக்கும் ஒரு அண்ணன். ஒரு கிலோ நெத்தலிக் கருவாட்டுக்கு நாலு கிலோ அளவில் பச்சை நெத்தலி வேண்டுமாம். ஒன்றை எடுத்து மடித்துக் காட்டினார். 'டக்' என்று முறிந்தது. வளைந்தால் உள்ளே ஈரம், சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் அவருக்குப் பெரிய கவலையாக இல்லை. "கடைசியாகக் கையில் காசில்லாமல் போன நாள் எது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "முந்தநாள்." மீனை வாங்குவது கரையில் ரொக்கத்துக்கு. கருவாட்டைக் கொடுப்பது கடனுக்கு. வெளியூர் வியாபாரி அடுத்த லோட் எடுக்க வரும்போதுதான் பழைய காசு தருவார். அன்று அவருக்கு வெளியே நின்றது என் முழுச் சேமிப்பை விட அதிகம்.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தேன். தயிருக்குப் பாலும் சட்டியும் ரொக்கம். ஊறுகாயும் தூளும் கடைகளுக்குக் கடனுக்குத்தான் போகும். அந்த மூன்றையும் கருவாட்டோடு சேர்த்து வெட்டினேன்.

மூன்றாவது, சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் ஒரு அம்மா. காலை பத்து மணிக்குப் போனேன். தட்டுகள் கழுவிக் காயப்போட்டிருந்தார். அவரிடம், நானும் இதைத் தொடங்கக்கூடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மறைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு எதிரில் அடுப்பு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். மூன்று மணிக்கு எழும்பி எட்டுக் கிலோ மா. கிலோவுக்கு ஐம்பது இடியப்பம், கடைக்கு ஒன்று பத்து ரூபா, ஆக ஐந்நூறு. மாவும் காஸும் முந்நூறு. மிச்சம் இருநூறு, அதுவும் அவருடைய கூலி சேராமல். தண்ணீர் கொதி குறைந்தால் பிழியும்போது திரி அறுந்து அந்தத் தட்டே வீண். பெரிய காசில்லைதான். ஆனால் கடைக்காரர் முதல் நாள் இரவு எண்ணிக்கை சொல்கிறார், மறுநாள் காலை எட்டுக்குள் காசு தருகிறார், மாரியிலும் நிற்பதில்லை.

பார்சல் யோசனையையும் அவரே முடித்து வைத்தார். அதை முன்பு செய்து பார்த்தவராம். மழை நாளில் இருபது பார்சல் மிஞ்சினால் சோறும் கறியும் சேர்ந்து போய்விடும். இடியப்பம் சொன்ன எண்ணிக்கைக்குத்தான் அவிபடும். தையலை யாரும் வெட்டவில்லை. எனக்கு அதில் ஒருநாளும் விருப்பமிருந்ததில்லை, அவ்வளவுதான்.

எழும்பும்போது, "என்ர கடைகளுக்கு வராதே பிள்ளை. உவர்மலைப் பக்கம் ரெண்டு கடை கேட்டுக்கொண்டே இருக்கு, என்னால ஏலாது, அதை எடு" என்றார்.

எடுத்தேன். முதல் நாள் நூறுக்குச் சொன்னார்கள். திரி அறுந்தது போக எண்பத்து மூன்றுதான் கொண்டுபோக முடிந்தது. அறுந்ததையெல்லாம் கொத்தாக்கி மத்தியானம் நாங்களே சாப்பிட்டோம்.