பாட்டிக்குக் கீமோதெரபி நடக்கும்போது பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடலாமா?

கீமோ தொடங்கியதும் பல வீடுகளில் பிள்ளைகளின் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். ஊசி வழியாகக் கிருமி வீட்டுக்குள் வந்துவிடுமோ என்ற பயம். ஆனால் ஊசி போடாத பிள்ளை உண்மையான தட்டம்மையையே கொண்டுவந்துவிடலாம். பாட்டிக்கு அதுதான் பேராபத்து.

பாட்டிக்கு ரத்தப் புற்றுநோய், வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை, ஐந்து வயது அக்கா என்று வைத்துக்கொள்வோம். தடுப்பூசி அட்டையை எடுத்து ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். அதில் உயிருள்ள கிருமி இருக்கிறதா? இருந்தால், அது போட்டுக்கொண்டவரின் உடலிலிருந்து வெளியே வருமா?

கக்குவான், ரணஜன்னி, மஞ்சள்காமாலை பி ஊசிகள் முதல் கேள்வியிலேயே தேறிவிடும். அவற்றில் உயிருள்ள கிருமி இல்லை.

கைக்குழந்தையின் ரோட்டா சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் உண்டு, மலத்தில் வெளியேறும். ஆனாலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து நான்கு வாரம் பாட்டி டயப்பர் மாற்றக் கூடாது. மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

போலியோவில்தான் பிசகு நடக்கிறது. வாயில் விடும் போலியோ சொட்டின் வைரஸ் பல வாரங்கள் மலத்தில் வெளியேறும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அரிதாகக் கை கால் முடங்கிப்போகவும் கூடும். அதனால் இந்த வீட்டில் சொட்டு வேண்டாம், ஊசியாகவே போட வேண்டும். மருந்து கொடுப்பவருக்கு வீட்டு நிலைமை தெரியாது, நாம்தான் முந்திச் சொல்ல வேண்டும். தவறிக் கொடுத்துவிட்டால் பாட்டியின் மருத்துவரிடம் உடனே சொல்லிவிட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வரை குழந்தையின் மலம், எச்சில் பாட்டி மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குத் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி. உயிருள்ளதுதான், ஆனால் கூட இருப்பவர்களுக்குத் தொற்றுவதில்லை, தயங்காமல் போடலாம். சின்னம்மை ஊசியும் போடலாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் தினமும் குளிப்பாட்டும்போது உடம்பைப் பாருங்கள். நூறில் சில பிள்ளைகளுக்குக் கொப்புளம் வரும், ஊசி போட்ட இடத்திலோ வேறெங்காவதோ. கொப்புளம் இல்லாவிட்டால் பிரித்து வைக்கத் தேவையில்லை. வந்தால், எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அக்கா பாட்டியின் பக்கம் போகக் கூடாது. பாட்டி ஏற்கெனவே தொட்டுவிட்டிருந்தால் அன்றே அவருடைய மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஃப்ளூ ஊசியை ஆறு மாதம் நிறைந்த எல்லோரும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளலாம். மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து உயிருள்ளது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்து தனி அறையில் பாதுகாக்கப்படும் அளவுக்கு எதிர்ப்பு சக்தி விழுந்தவர் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். போட்டுவிட்டால் ஏழு நாள் அவரை நெருங்க வேண்டாம்.

இதெல்லாம் கூட இருப்பவர்களுக்கு. பாட்டிக்கு எந்த ஊசி, எப்போது என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உயிருள்ள தடுப்பூசி எதையும் கீமோ நடக்கும்போது அவருக்குப் போடக் கூடாது.