கொம்பு உடைந்த நோட்டீஸ்

கல்யாணமாகி மொரிஷியஸுக்கு, ரோஸ் ஹில்லுக்கு, வந்தபோது தொழில் என்று எனக்கு இருந்தது ஒன்றுதான்: காரைக்காலில் ஓர் அச்சகத்தில் ஆறு வருஷம் டி.டி.பி. செய்த பழக்கம். அந்த வேலைகளின் ஃபைல் ஒன்றுகூடக் கையில் இல்லை, எல்லாம் அச்சகத்துக்குச் சொந்தம். இங்கே தனியாக வேலை பிடிக்கலாம் என்று முடிவு செய்ததும், வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்காக ஆறு லோகோ வரைந்தேன். இல்லாத காபிக் கடைக்கு ஒன்று, இல்லாத யோகா நிலையத்துக்கு ஒன்று, இப்படி.

போர்ட் லூயியில் சின்ன அச்சகம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. இதில் உன்னைப் படுத்தியது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் விழித்தேன். கடைசி நிமிஷத்தில் நாலு வரி சேர்க்கச் சொல்லாத, இரண்டே நிற மைதான் என்று கறாராக நிற்காத ஆளுக்குச் செய்த வேலை எப்படியும் அழகாகத்தான் வரும், அதை வைத்து உன்னிடம் என்ன தருவது என்று எனக்குத் தெரியாது என்றார். வரும் வழியெல்லாம் கோபமாக இருந்தது. ரோஸ் ஹில் வந்து சேர்வதற்குள் அவர் சொன்னது சரி என்றும் பட்டுவிட்டது.

அந்தத் தை மாதம் ஒரு கோயில் வாசலில் காவடி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும். 'கொடியேற்றம்' என்ற சொல்லில் 'க' தனியாக நிற்க, கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் நின்றன. காரைக்காலில் இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். யாரோ வேர்டில் சரியாகவே தட்டச்சு செய்து கொடுத்திருப்பார்கள். அதைப் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒட்டியவருக்குத் தமிழ் தெரியாது. அந்த மென்பொருள் வழக்கமாகப் பயன்படுத்தும் பத்தி அமைப்பு லத்தீன் எழுத்துக்கானது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவர அதற்குத் தெரியாது. பத்தி மெனுவில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

இதுதான் என் முதல் உருப்படியான மாதிரிப் பணி ஆனது. கோயில் பெயர், தேதி, உபயதாரர்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். உடைந்த நோட்டீஸின் புகைப்படத்தையும் போடவில்லை. அதே கோளாறை நானே ஒரு தடவை செய்து காட்டினேன். ஒரு கோயிலை அவமானப்படுத்தி வேலை கேட்டால் அடுத்த கோயில் எப்படிக் கூப்பிடும்? பக்கத்தின் தலையில் "மாதிரிப் பணி, யாருக்காகவும் செய்ததல்ல" என்று எழுதினேன். நிபந்தனைகளை மட்டும் உண்மையாக வைத்துக்கொண்டேன்: ஒரே ஏ4 தாள், இரண்டு மை, மூன்று மொழி, இருபத்திரண்டு உபயதாரர் பெயர்.

பிரெஞ்சுக்கு 10 புள்ளி எழுத்து, 12 புள்ளி வரி இடைவெளி வைத்தேன். தமிழுக்கும் அதையே வைத்தால் மேல்வரியின் 'மூ' வால் கீழ்வரியின் 'கீ' சுழியில் இடித்தது. எழுத்தை 9.5 ஆக்கி, இடைவெளியை 14.5 ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் தமிழ்ப் பகுதி தாளைவிட்டு வழிந்தது. உபயதாரர் பட்டியலைப் பக்கம் பக்கமாக மூன்று நெடுவரிசையாக்கி இடம் பிடித்தேன். மொழி வரிசையையும் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் அது விளையாட்டு இல்லை. 1998-ல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போய்விட்டதால் பெரிய எதிர்ப்பு எழுந்து, மத்திய வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. படத்துக்குப் பக்கத்தில் இதையெல்லாம் ஐந்தாறு வாக்கியத்தில் எழுதி, செலவான நேரம் 5 மணி 40 நிமிடம் என்றும் போட்டேன். லோகோ ஆறையும் தூக்கிவிட்டேன். இதே மாதிரி இன்னும் இரண்டு சேர்த்தேன், மொத்தம் மூன்றே வேலை.

அப்புறம்தான் சோதனை வேலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்த நிறுவனம் எட்டுப் பக்க உடல்நலக் கையேட்டை அனுப்பி, தமிழ்ப் பக்கங்களைச் "சும்மா ஒரு டெஸ்ட்" என்று செய்து தரச் சொன்னது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்து, ஃபைலோடு அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து மாமியாருக்கு மருந்து வாங்கப் போன கடையில் அந்தக் கையேடு கவுண்டரில் அடுக்கியிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் 'நீரிழி' என்று ஒரு வரியும் 'வு' என்று அடுத்த வரியும். அவசரத்தில் நான் விட்ட பிழைதான், அதனால் சந்தேகமே இல்லை. மாமியாருக்குத் தமிழ் படிக்க வராது, கிரியோலில் "ஏன் முகம் இப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

திரும்ப அந்த மின்னஞ்சலைப் படித்தால் எல்லாம் அதிலேயே இருந்தது. முழு உரை, தேதி குறித்த கெடு, மூல ஃபைல் வேண்டும் என்ற வரி, அதற்கும் மேல் "3 மி.மீ. ப்ளீடுடன், சி.எம்.ஒய்.கே.யில்". கைத்திறனைப் பார்க்கிறவருக்கு, அச்சடித்தபின் வெட்டிப்போகும் அந்த ப்ளீடு ஓரமும் அச்சு மைக்கான நிற அமைப்பும் எதற்கு? அச்சுக்குப் போகிற வேலைக்குத்தான் அது.

அதற்கப்புறம் யார் சோதனை கேட்டாலும் ஒரே பதில் எழுதுகிறேன். ஒரு பக்கம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது, எந்தப் பக்கம் என்பதை அவர்களே சொல்லலாம். குறுக்கே 'சோதனை' என்று எழுதிய, தெளிவு குறைந்த பி.டி.எஃப். மட்டும் வரும். பணம் கொடுக்கும்வரை பயன்படுத்தும் உரிமை என்னிடமே இருக்கும். இந்தப் பதிலுக்குப் பிறகு ஒருவர் காணாமல் போனார். ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் நான்கு பக்கம் கேட்டிருந்தது, சரி ஒன்றே போதும் என்றது. இருப்பதிலேயே சிக்கலான அட்டவணைப் பக்கத்தைத் தேடி அனுப்பினார்கள். மற்ற பக்கங்களைக் காசு கொடுத்துத்தான் செய்துகொண்டார்கள்.

தெரிந்தே முழுதாக இலவசமாகச் செய்தது ஒரே ஒரு வேலை, எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு நிஜக் காவடி நோட்டீஸ். அதிலும் முன்னாலேயே பேசிக்கொண்டேன். திருத்தம் இரண்டு முறைதான், அதையும் ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும், அச்சான பிரதி மூன்று எனக்குத் தர வேண்டும், என் போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதியும் வேண்டும். ஒரே ஆள் என்பதைச் செயலாளர் ஒப்புக்கொள்ளத்தான் நேரமானது, குழுவில் பதினொரு பேர்! முடிந்ததும் பில் அனுப்பினேன். நோட்டீஸ் வடிவமைப்பு 6,000 ரூபாய், கோயிலுக்கான தள்ளுபடி 6,000 ரூபாய், செலுத்த வேண்டியது 0.

அன்றைக்கு ராத்திரி பொருளாளர் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. "என்னம்மா, இலவசம்னு சொல்லிட்டு ஆறாயிரம் போட்டிருக்கியே?"

"கடைசி வரியைப் பாருங்க ஐயா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப எதுக்கும்மா இந்தக் காகிதம்?" என்றார். உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வருஷம் மார்கழியில் வேறொரு கோயிலிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் கையில் என் நோட்டீஸ், இன்னொருவர் கையில் அந்த பில்லின் நகல். விலை என்ன என்று அவர்கள் கேட்கவே இல்லை. பாதிப் பணம் இப்போது, மீதி அச்சானதும், சரியா என்றுதான் கேட்டார்கள்.