4.5 என்று வந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும்

எம்.எஸ்சி. முதல் வருடத்தில் ஸ்பெக்ட்ரோஸ்கோபி வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். வெள்ளைத் திண்மம், வாய்பாடு C₈H₉NO, கூடவே ஐஆர், என்எம்ஆர் நிறமாலை வரைபடங்கள். அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதல் படி, மூலக்கூறில் வளையமும் பை பிணைப்பும் மொத்தம் எத்தனை என்று எண்ணுவது.

எட்டு கார்பன் உள்ள ஆல்கேனுக்கு 18 ஹைட்ரஜன் இருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு பை பிணைப்பும் இரண்டு ஹைட்ரஜனைக் குறைக்கும், அதனால் குறைவதை இரண்டால் வகுத்தால் நிறைவுறாமை எண் வந்துவிடும். 18-இல் 9 போனால் 9, பாதி 4.5. நான் அதை 4 என்று எடுத்துக்கொண்டு, பென்சீனின் ஒரு வளையத்துக்கும் மூன்று பை பிணைப்புக்குமே நான்கும் சரியாகப் போய்விட்டது என்று நம்பி, மெத்தாக்ஸி பென்சைலமீனை வரைந்துவிட்டேன். ஐஆரில் 1660 cm⁻¹ பக்கம் இருந்த பலமான கார்பனைல் பட்டைக்கு அந்த அமைப்பில் இடமே இல்லை. வரைந்ததில் ஹைட்ரஜனை எண்ணிப் பார்த்தால் 11.

அரை எண் வந்தால் எங்கோ தவறு என்றுதான் அர்த்தம், அரைப் பிணைப்பு என்று ஒன்று கிடையாது. நான் விட்டது நைட்ரஜன். அதற்கு மூன்று கைகள், சங்கிலிக்குள் நுழையும்போது கூடவே ஒரு ஹைட்ரஜனையும் கொண்டுவரும். ஆகவே ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் ஒன்று கூட்ட வேண்டும். ஆக்சிஜன் இரண்டு கை என்பதால் கணக்கை மாற்றாது, குளோரின், புரோமின் இருந்தால் ஹைட்ரஜனோடு சேர்த்து எண்ண வேண்டும். இப்போது (18 + 1 − 9)/2 = 5.

இதற்கப்புறம் வேலை வேகமாக நகர்ந்தது. என்எம்ஆரில் 7 ppm-ஐ ஒட்டி 5 ஹைட்ரஜன், அதாவது ஒரே ஒரு இடத்தில் பதிலி உள்ள பென்சீன் வளையம், அதற்கு 4. மிச்சம் 1, அதைக் கார்பனைல் எடுத்துக்கொண்டது. இன்னொரு வளையம், வேறு C=C, C=N என எதற்கும் இனி இடமில்லை, பாதிக் கற்பனைகள் இங்கேயே கழிந்தன. C₆H₅-யும் CO-வும் போனால் மீதி CH₄N. அதை CH₃, NH என்று பிரித்தால் அசெட்டனிலைடு அல்லது N-மெத்தில் பென்சமைடு, CH₂, NH₂ என்று பிரித்தால் ஃபீனைல் அசெட்டமைடு. மனதில் வந்த இந்த மூன்றில் எது என்பதை எண் சொல்லாது. 2.1-இல் 3 ஹைட்ரஜனுக்கு ஒற்றைச் சிகரம் இருந்தது. நைட்ரஜனில் ஒட்டிய மெத்தில் 2.9 பக்கம் வந்திருக்கும், CH₂ என்றால் 3.6 பக்கம் 2 ஹைட்ரஜன்தான் தெரியும். எனவே அசெட்டனிலைடு.

கந்தகம் இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். DMSO என்ற கரைப்பானின் C₂H₆OS-க்கு இந்தக் கணக்கு 0 தருகிறது, ஆனால் புத்தகத்தில் S=O என்று இரட்டைக் கோடு போட்டிருப்பார்கள். சூத்திரம் கந்தகத்துக்கு இரண்டு கை என்றே வைத்துக்கொள்வதால் அந்த இரட்டைக் கோடு அதன் கண்ணில் படாது.