2000 ரூபாய் நோட்டு வாபஸ் செய்தியும் நான் வைத்த தலைப்புகளும்

2023 மே 19, வெள்ளிக்கிழமை மாலையில், 2000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. வங்கி, அஞ்சலகச் சேமிப்பு, காப்பீடு போன்றவற்றைத் தமிழில் விளக்கும் சிறிய யூடியூப் சேனல் ஒன்றை நான் நடத்தி வருகிறேன். அன்றிரவே காணொளியை ஏற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் இத்தகைய செய்தியை மக்கள் மிகுதியாகத் தேடுவது முதல் இரண்டு மூன்று நாட்களில்தான். பேச்சுக்கான குறிப்பை எழுதுவதற்கு முன்பே தலைப்பை எழுதிவிட்டேன்: "2000 ரூபாய் நோட்டு இனி செல்லாது! செப்டம்பர் 30 கடைசி நாள்!"

என் பேச்சுக் குறிப்புகளைச் சரிபார்ப்பவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அக்கா. தலைப்பை அவருக்கு அனுப்பியதும் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அறிவிப்பில் 'செல்லாது' என்று எந்த வரியில் இருக்கிறது, படித்துக் காட்டுங்கள்" என்றார். தொலைக்காட்சித் திரையில் ஓடிய வரிகளைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அறிவிப்பைத் திறந்து படித்தபோது, அந்த நோட்டு சட்டப்படி செல்லும் பணமாகவே தொடரும் என்று தெளிவாக எழுதியிருந்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு நடந்தது செல்லாததாக்கும் நடவடிக்கை. இப்போது நடந்தது திரும்பப் பெறும் நடவடிக்கை. கையில் நான்கு நோட்டு வைத்திருக்கும் ஒரு முதியவருக்கு இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதன்று. செல்லாது என்று நம்பிப் பதறுபவரிடமிருந்து குறைந்த விலைக்கு நோட்டை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள் என்பதை 2016-இலேயே பார்த்திருக்கிறோம்.

அன்றிரவு தலைப்பை மீண்டும் எழுத எனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. முதலில் அறிவிப்பிலிருந்த வினைச்சொற்களை மட்டும் தாளில் எழுதினேன். திரும்பப் பெறப்படுகிறது, தொடர்ந்து செல்லும், மே 23 முதல் ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம், கணக்கில் செலுத்தலாம், செப்டம்பர் 30 வரை இந்த வசதி உண்டு. தலைப்பில் வரும் வினை இவற்றுள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த சிக்கல் தேடல் பெட்டியில் இருந்தது. "2000 ரூபாய்" என்று தட்டினால் யூடியூப் காட்டிய பரிந்துரைகளிலேயே "செல்லாது" என்ற சொல் இருந்தது. மக்கள் தேடும் சொல்லே தவறாக இருக்கும்போது, அதை விட்டால் தேடலில் முந்த முடியாது, சேர்த்தால் பொய்யாகிவிடும். "செல்லாதா?" என்று கேள்வியாக்கும் வழி ஒன்று உண்டு. அதை எழுதிப் பார்த்துவிட்டு விலக்கினேன். தம்ப்னெயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர் மனத்தில் கேள்விக்குறி நிற்பதில்லை, அந்தச் சொல்தான் நிற்கிறது. செய்தித்தாள்கள் பயன்படுத்திய "வாபஸ்" என்ற சொல் சரியாகவும் இருந்தது, எல்லோருக்கும் தெரிந்ததாகவும் இருந்தது. "செல்லாதா?" என்ற கேள்வியைப் பதிலோடு சேர்த்து விளக்கக் குறிப்பின் முதல் வரியில் வைத்தேன்.

சொல்லின் நீளமும் இதில் கணக்கில் வருகிறது. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துக்குறிகள்தான் இடம். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், நம் கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் "செல்லாது" எட்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது. கைபேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால், எது வெட்டுப்பட்டாலும் பொருள் திரிந்துவிடாதபடி முக்கியச் சொற்கள் முன்னால் வர வேண்டும்.

பிறகு தேதி. "செப்டம்பர் 30 கடைசி நாள்" என்று தலைப்பில் போட்டால் அவசரம் தெரியும், பார்வைகளும் கூடும். ஆனால் கெடு என்பது நீட்டிக்கப்படக்கூடியது. அறிவிப்பு வந்த மாதமோ ஒருபோதும் மாறாது. ஆகவே கெடுவை எடுத்துவிட்டு அறிவிப்பின் மாதத்தைச் சேர்த்தேன். "இன்று", "புதிய", "இனி" ஆகிய சொற்களையும் நீக்கினேன். 73 குறிகளில் நின்ற இறுதி வடிவம் இது: "2000 ரூபாய் நோட்டு வாபஸ்: வங்கியில் மாற்றுவது எப்படி? (மே 2023 அறிவிப்பு)". செப்டம்பர் 30 என்ற கெடுவைத் தம்ப்னெயிலிலும் விளக்கக் குறிப்பிலும் மட்டும் வைத்தேன், ஏனென்றால் காணொளியின் முகவரி மாறாமலேயே அவ்விரண்டையும் பிறகு மாற்றிவிடலாம். பேச்சில் வந்துவிட்டதை அப்படி மாற்ற முடியாது. வெட்டி எடுக்கலாம், புதிதாகப் பேசிச் சேர்க்க வழியில்லை. அதனால் கெடுவைப் பற்றிப் பேசும்போது "மே 19 அறிவிப்பின்படி" என்ற சொற்களை ஒவ்வொரு முறையும் முன்னால் சேர்த்துப் பேசினேன்.

செப்டம்பர் 30 அன்று கெடு அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்பட்டது. தலைப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தம்ப்னெயிலையும் குறிப்பையும் மாற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. என் தலைப்பு காலத்தைத் தாண்டி நின்றுவிட்டது என்றே எண்ணினேன்.

நவம்பரில் ஒரு பார்வையாளர் எழுதியிருந்தார். அவருடைய அப்பா அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து கிடைத்த ஐந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போயிருக்கிறார். அங்கே இப்போது வாங்குவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்கள் தலைப்பில் வங்கியில் மாற்றுவது எப்படி என்றுதானே இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அக்டோபர் 8 முதல் கிளைகளில் மாற்றும் வசதி நின்று, சென்னை உள்ளிட்ட 19 ரிசர்வ் வங்கி வெளியீட்டு அலுவலகங்களில் மட்டுமே மாற்ற முடியும் என்றாகியிருந்தது. தேதிகளைத் தேடித் தேடி நீக்கிய நான், "வங்கியில்" என்ற சொல்லுக்குள் ஒரு தேதி ஒளிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. இடத்தைச் சொல்லும் சொல்லும், "எப்படி" என்று வழியைச் சொல்லும் சொல்லும் அந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கும் வரைதான் உண்மை. "மே 2023" என்ற அடைப்புக்குறி அதைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். அவசரத்தில் இருக்கும் ஒருவர் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிப்பதில்லை.

அன்றே தலைப்பை "2000 ரூபாய் நோட்டு வாபஸ்: மே 2023 அறிவிப்பு சொன்னது என்ன?" என்று மாற்றினேன். அது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய கேள்வி என்பதால் எந்த ஆண்டில் படித்தாலும் பொய்யாகாது. நடப்பு வழிமுறைக்கென்று தனிக் காணொளி செய்து, பழையதன் விளக்கக் குறிப்பிலும் பின் செய்த கருத்திலும் அதன் இணைப்பை முதல் வரியாக வைத்தேன். ஆயினும் திருத்தம் சென்று சேராத ஓர் இடம் உண்டு. அந்த அப்பாவுக்கு என் காணொளி வந்தது மே மாதத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த இணைப்பாக. அனுப்பிய நேரத்தில் இருந்த தலைப்பும் படமும் அந்தச் செய்தியில் அப்படியே தங்கிவிடுகின்றன. நான் எத்தனை முறை மாற்றினாலும் அவர் கைபேசியில் பழைய தலைப்புதான் தெரியும்.

ஆகவே புதிய காணொளிக்கு "2000 ரூபாய் நோட்டு: 2023 அக்டோபருக்குப் பின் மாற்றும் விதிகள்" என்று எழுதிவிட்டு, அதை அக்காவுக்கு அனுப்பினேன். "விதி மாறினால்?" என்று கேட்டார். அந்த நோட்டுகளை மாற்ற முடியாத ஒரு நாள் வந்தால் இந்தத் தலைப்பும் பழுதாகும் என்பது உண்மைதான். "மாற்றும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ரிசர்வ் வங்கியின் விதிகள்" என்று வைத்தோம். அந்த ஐந்து நோட்டுகளையும் அஞ்சல் வழியாக ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அனுப்பி, பணம் கணக்கில் சேர்ந்துவிட்டதாகப் பார்வையாளர் பின்னர் எழுதினார்.