திங்கட்கிழமை விலைப் பட்டியல்

ஈரோடு, கோபி, காங்கேயம் பக்கத்து மளிகைக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தப் பொருளின் விலையை யார், எப்போது, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு மாற்றினார்கள் என்ற பட்டியல் வாராவாரம் திங்கட்கிழமை காலையில் முதலாளிகளுக்குப் போகும்.

அந்தப் பட்டியலை எடுக்க இரண்டு வழி உண்டு. போன திங்களன்று இருந்த விலையையும் இந்தத் திங்களன்று இருக்கும் விலையையும் ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ளதை மட்டும் காட்டுவது ஒன்று. செய்வது சுலபம், பல கடைகளில் இதுதான் ஓடுகிறது. ஆனால் நடுவில் விலை இறங்கி, திரும்பப் பழைய இடத்துக்கே ஏறியிருந்தால் அது இதில் தெரியவே தெரியாது. விலை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி தானாகப் பதிவாகி, அந்த வரிகள் அத்தனையும் பட்டியலில் வருவது இன்னொரு வழி. எனக்கு இந்த இரண்டாவதில்தான் நம்பிக்கை.

ஒரு கடையில் ஒப்பிடும் பட்டியலை எடுத்துவிட்டு இதைப் போட்டோம். முதல் வாரமே ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு இரண்டு வரி வந்தது. மாலை 6:42-க்கு 450 ரூபாய் 425 ஆகியிருக்கிறது; 6:58-க்கு 425 மறுபடி 450. கொப்பரை விலையைப் பொறுத்து எண்ணெய் ரேட்டு அடிக்கடி மாறும் என்பதால், யாரும் அதைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். பதினாறு நிமிடத்தில் இறங்கி ஏறியதுதான் கண்ணில் பட்டது.

அந்தப் பதினாறு நிமிடத்தில் விழுந்த பில்களை எடுத்தோம். எண்ணெய் இருந்தவை ஐந்து. ஒன்றில் 40 பாக்கெட், மற்ற நான்கிலும் சேர்த்து ஏழு. மாற்றியவர் என்று இருந்தது சூப்பர்வைசரின் பெயர். அன்று அவர் லீவு. எந்தக் கம்ப்யூட்டர் என்ற கட்டத்தில் இரண்டாவது கல்லா என்று இருந்தது. அங்கே பில் போடும் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

“கல்யாண வீட்டுக்காரங்க நாப்பது பாக்கெட் கேட்டாங்கண்ணா. மொத்த ரேட்டுக்குப் போட்டுக் குடுக்கச் சொல்லி மொதலாளிதானுங்க போன்ல சொன்னாரு. பில்லுல ரேட்டைக் கொறைக்க எனக்கு வழியில்லீங்க. அதனால சூப்பர்வைசர் அண்ணன் பாஸ்வேர்டைப் போட்டு மாத்தீட்டு, அப்பறம் திருப்பி வெச்சுட்டனுங்க.”

அவர் சொன்னது சரிதான் என்று முதலாளியும் ஒத்துக்கொண்டார். நாற்பது பாக்கெட்டுக்குக் குறைந்த ஆயிரம் ரூபாய் அவர் தெரிந்தே கொடுத்தது. ஆனால் பொருளின் விலையையே மாற்றியதால், மற்ற கல்லாக்களிலும் அதே குறைந்த விலை விழுந்து, ஏழு பாக்கெட்டுக்கு 175 ரூபாய் போனது. தொகை சின்னதுதான். இப்படி இறங்கி ஏறிய ஜோடிகள் வேறு பொருள்களிலும் இருந்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அந்தப் பெண்ணின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மொத்த விலை என்ற இரண்டாவது விலையைக் கடை அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதைப் பொருளிலேயே சேர்த்து, மொத்த வாடிக்கையாளர் பெயரில் பில் போட்டால் மட்டும் விழும்படி செய்தோம். ஆளுக்கொரு பாஸ்வேர்டும், விலை மாற்றினால் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டமும் வந்தன.

பட்டியல் எடுக்கும் கேள்வி இவ்வளவுதான்:

```sql
SELECT item_code, user_id, pc_name,
       old_rate, new_rate, changed_at
FROM price_log
WHERE changed_at >= '2025-10-06'
  AND changed_at <  '2025-10-13'
ORDER BY item_code, changed_at;
```

பொருள் வாரியாக, நேர வரிசையில் அடுக்கினால்தான் அந்த ஜோடி வரிகள் அடுத்தடுத்து நிற்கும். கடைசித் தேதியையும் கவனிக்க வேண்டும். `<= '2025-10-12'` என்று எழுதினால், ஞாயிறு பிறக்கும் நள்ளிரவோடு கணக்கு நின்றுவிடும். வியாபாரம் அதிகம் நடக்கும் ஞாயிறு முழுதும் விடுபட்டுப் போகும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தபோது இன்னொன்று புரிந்தது. நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதம் 5 ஆனது. எக்செல் கோப்பு ஒன்றில் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றினால், பக்கம் பக்கமாக ஒரே பெயர், ஒரே நிமிடம். அதற்குள் கையால் மாற்றிய நாலு வரி புதைந்துவிடும். அதனால் மொத்த ஏற்றத்தை ஒரே வரியாகச் சுருக்கி மேலே போட்டு, கையால் மாற்றியவற்றை மட்டும் கீழே விரித்துக் காட்டுகிறோம்.

பில் திரையிலேயே ரேட்டைத் திருத்த அனுமதி இருக்கும் கடையில், அந்தத் திருத்தம் இந்தப் பதிவுக்கு வராது; பொருளின் விலை அங்கே மாறுவதே இல்லை. பில்லில் விழுந்த ரேட்டை அந்த நேரத்துப் பொருள் விலையோடு ஒப்பிட்டுத் தனியாக எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட கடைகளுக்கு அதை இரண்டாம் பக்கமாகச் சேர்த்தே அனுப்புகிறேன்.