தூக்குவாளியைச் சுத்தி ஒரு வெள்ளைக் கோடு

அக்டோபர் 6, திங்கள்

போன மாசம் Photoshop-ல பேக்ரவுண்டை எடுத்துட்டு, கட் பண்ணி அனுப்புன பித்தளை தூக்குவாளி போட்டோ திரும்பி வந்துருச்சு. ஆன்லைன் கடை அக்கா காலைலயே ஃபோன். "தம்பி, தீபாவளி பேனர்ல வச்சா வாளியைச் சுத்தி டியூப்லைட் போட்ட மாதிரி ஒரு கோடு தெரியுது, என்னன்னு பாருங்க." பார்த்தேன், தெரியத்தான் செய்யுது. அப்ப போட்டோவும் வெள்ளை பேக்ரவுண்ட், கடைப் பக்கமும் வெள்ளை, அதனால யார் கண்ணுலயும் படல. இப்ப பேனர் அடர் மெரூன், மாட்டிக்கிட்டேன்.

300 சதவீதம் ஜூம் பண்ணா விஷயம் புரிஞ்சுது. பொருளோட ஓரம் பார்க்க ஒரே கோடு மாதிரி இருந்தாலும் கிட்டப் போனா ரெண்டு மூணு பிக்சலுக்கு பித்தளையும் வெள்ளையும் கலந்து கிடக்கும், வெட்டுறதுக்காக பொருளைச் சுத்தி நான் பென் டூலால வரைஞ்ச கோடு, அதான் பாத், அந்தக் கலப்புக்கு வெளிப்பக்கமா ஓடியிருக்கு. அப்போ வெள்ளையும் சேர்ந்துதானே வரும்.

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடி பாத் போட சோம்பலா இருந்துச்சு, குறுக்கு வழில போனேன். ஓரத்துல ஒட்டுன வெள்ளையை பொருளோட கலரா மாத்துற Defringe-ஐ 1 பிக்சல் குடுத்தேன், வாளி உடம்புல பரவால்ல, மேல இருக்குற கைப்பிடிக் கம்பில திட்டுத்திட்டா கலர் மாறிருச்சு. சரின்னு செலக்ஷனை உள்ள சுருக்கி வெட்டினேன், அந்த அவசரத்துல Anti-aliased டிக் இல்லாம இருந்ததை கவனிக்கல, ஓரம் முழுக்க மாடிப்படி. அது டிக்ல இருந்தாத்தான் ஓரத்து பிக்சல் பாதி தெரிஞ்சும் தெரியாமலும் நிக்கும், இல்லைன்னா ஒவ்வொரு பிக்சலும் ஒண்ணு முழுசா இருக்கும் இல்ல முழுசா போயிரும், வளைவு இருக்குற பொருள்ல இது அப்படியே பல்லு பல்லாத் தெரியும். ரெண்டு மணி நேரம் வேஸ்ட்.

அக்டோபர் 8, புதன்

ஒரிஜினல் ஃபைல்ல (6000 பிக்சல் அகலம்) முதல்ல இருந்து. பழைய பாத்தைத் திறந்து பார்த்தா எனக்கே சிரிப்பு, வாளி வயித்துல மட்டும் இருபது பாயிண்ட் குத்தி வச்சிருக்கேன். பாயிண்ட் கூடக்கூட வளைவு நெளியும், தொட்டுப் பார்த்தா நசுங்குன வாளி மாதிரி இருக்கும். இந்த தடவை வளைவு திரும்புற இடத்துல மட்டும் பாயிண்ட்: வாய் விளிம்பு, கழுத்து ஒடுங்குற இடம், வயிறு அகலமா இருக்குற இடம், அடி. ஒரு பக்கத்துக்கு நாலஞ்சு போதும், மீதியை பாயிண்ட்ல இருந்து ரெண்டு பக்கமும் நீளுற, வளைவை இழுத்துப் பிடிக்கிற ஹேண்டில் பாத்துக்கும். ஹேண்டிலை வளைவோட நீளத்துல மூணுல ஒரு பங்கு இழுத்தா பெரும்பாலும் சரியா உக்காருது. விளிம்பு கழுத்தோட சேர்ற மூலைல Alt பிடிச்சு ஒரு ஹேண்டிலை மட்டும் ஒடிக்கணும், இல்லைன்னா மூலை மழுங்கிரும்.

முக்கியமா, கோட்டை ஓரத்து மேல போடல, ஒண்ணரை பிக்சல் உள்ள தள்ளிப் போட்டேன். வாளி மெலிஞ்சு போயிராதான்னு தோணும், ஆனா கடைக்குப் போறது 2000 பிக்சல் படம், சுருக்குனா அது அரை பிக்சல்தான், யாருக்கும் தெரியாது.

கைப்பிடிக்கு நடுவுல தெரியுற ஓட்டைக்கு தனி பாத், Exclude Overlapping Shapes வச்சு. அப்புறம் Work Path-ஐ டபுள் கிளிக் பண்ணி பேர் வச்சு சேவ் பண்ணிட்டேன். அதை அப்படியே விட்டுட்டு அடுத்ததா வரைய ஆரம்பிச்சா பழையது போயிரும், ஒரு தடவை அப்படி அழுதிருக்கேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பாத்தை செலக்ஷனா மாத்துற Make Selection-ல, ஓரத்தை லேசா மென்மையாக்க Feather Radius 0.5, Anti-aliased டிக், அதை லேயர் மாஸ்க்கா மாத்தினேன். மாஸ்க் வெளிப்பக்கத்தை மறைக்க மட்டும்தான் செய்யும், எதையும் அழிக்கல, தப்புன்னா திரும்ப வரலாம். அடியில மெரூன் லேயர் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன், கோடு இல்ல. வெள்ளைல மட்டும் செக் பண்ணது தான் போன மாசம் நான் பண்ண தப்பே.

கைப்பிடியோட பின்பக்கம் மட்டும் கத்திரில வெட்டி ஒட்டுன மாதிரி இருந்துச்சு. போட்டோலயே அந்த இடம் ஃபோகஸ்ல இல்ல, மங்கல், அதுக்கு முன்பக்கம் மாதிரி கூர்மையான ஓரம் குடுத்தா ஒட்டாது. மாஸ்க்ல அந்த இடத்தை மட்டும் ப்ளர் டூலால ரெண்டு தடவை தேய்ச்சதும் சரியாச்சு.

முழு சைஸ்ல எல்லாம் முடிச்சிட்டு தான் சுருக்கினேன். சேவ் பண்றப்போ PNG-24. போன வருஷம் சைஸ் கம்மியா இருக்கேன்னு GIF-ல குடுத்து, அதுல பாதி தெரியுற பிக்சலே கிடையாதுன்னு அப்புறம் தெரிஞ்சு, மறுபடி மாடிப்படி.

சாயங்காலம் அக்கா ஓகே சொல்லிட்டாங்க. கூடவே 12 குத்துவிளக்கு போட்டோ வந்திருக்கு, அத்தனையும் பச்சைத் துணி மேல வச்சு எடுத்தது, பித்தளை ஓரம் பூரா பச்சை பளபளக்குது. உள்ள தள்ளிப் போட்டாலும் இது போகாது, பொருள்லயே பிரதிபலிச்சிருக்கு. ஓரம் ஓரமா பித்தளைக் கலரை எடுத்து Color மோடுல பூசணும். நாளைக்குப் பாப்போம்.